ஒண்ணாம் பட்டைக்கு ஒரு வாழைத்தார்

எனக்குக் கோபம் வந்தால் கூடவே நக்கலும் வந்துவிடும். என் வீட்டுக்காரர் இதை ஒரு வியாதி என்கிறார். வகுப்பில் வாயை அடக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் அன்று முடிவெடுப்பேன். அது ஒரு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். அப்படி ஒருநாள் வாய்க்கு வந்ததை நான் சொல்லப்போக, ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் சேந்தமங்கலத்துக்காரி. கொல்லிமலையில், அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு பக்கத்து சீட்டுக்காரர் மடியில் விழாமல் இருப்பதே ஒரு வேலை. பஸ்ஸிலேயே பேப்பர் திருத்திவிடலாம் என்று சேர்ந்த புதிதில் நினைத்தேன். ஒரு பையனுக்கு நான் போட்ட டிக் அடுத்த வளைவில் நீண்டு பெருக்கல் குறியாகிவிட்டது. அன்றோடு அந்த ஆசையை விட்டேன்.

அந்த வருஷம் காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம், எங்கள் தலைமையாசிரியர் நாமக்கல்லில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். நல்ல மனிதர். ஆனால் பயிற்சிக்குப் போய்வந்தால் ஒரு வாரத்துக்கு அவர் பக்கத்தில் போக முடியாது. ஒருமுறை மூச்சுப்பயிற்சி என்று போய்வந்து எங்கள் எல்லோரையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார். இந்த முறை அவர் கொண்டுவந்தது பதின்மானம்.

"ரேங்க் போடறதெல்லாம் பழைய காலம் டீச்சர். பிள்ளைங்க மனசு நோகும். இனிமே பத்துப் பட்டைதான்" என்றார்.

விஷயம் சுலபமானதுதான். வகுப்பில் நாற்பது பேர். மார்க்கைக் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்த வேண்டும். பத்துச் சம பங்காகப் பிரித்தால் பங்குக்கு நான்கு பேர். எல்லோரையும்விடக் குறைந்த மார்க் எடுத்த நால்வர் ஒண்ணாம் பட்டை, அதற்கு மேல் நால்வர் இரண்டாம் பட்டை, இப்படியே போய் உச்சியில் இருக்கும் நால்வர் பத்தாம் பட்டை. கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு சூத்திரம் போட்டு வைத்தேன். ஒரு பிள்ளையைவிடக் குறைந்த மார்க் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று அது எண்ணும். அதை நாற்பதால் வகுத்து, பத்தால் பெருக்கி, தசமத்தை வெட்டிவிட்டு ஒன்றைக் கூட்டும். கீழே யாருமே இல்லாதவனுக்கு ஒன்று வரும். முப்பத்தொன்பது பேரைக் கீழே வைத்திருப்பவனுக்குப் பத்து வரும்.

சமமான மார்க் வந்தால் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரே மார்க் எடுத்த இரண்டு பேரை வெவ்வேறு பட்டையில் போட முடியாது. காலாண்டில் அப்படி இரண்டு பேர் மூன்றாம் பட்டைக்கும் நான்காம் பட்டைக்கும் நடுவில் மாட்டினார்கள். சூத்திரம் இருவரையும் மூன்றில் தள்ளியது. மூன்றில் ஐந்து பேர், நான்கில் மூன்று பேர் ஆயிற்று. ஆசிரியர் கூட்டத்தில் பட்டியலைப் பார்த்த தலைமையாசிரியர், "நாலாம் பட்டையில ஒரு ஆள் குறையுதே, யாரு லீவு?" என்று கேட்டார்.

அதற்கே எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவர் அடுத்ததாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"அடுத்த பட்டியல்ல நம்ம ஸ்கூல்ல ஒண்ணாம் பட்டையில ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. அதுதான் நம்ம இலக்கு."

"அது முடியாதுங்க சார்" என்றேன்.

"முடியாதுங்கற வார்த்தையே ஆசிரியர் வாயில வரக்கூடாதும்மா."

நான் எழுந்தேன். தலைமையாசிரியரோடு சேர்த்து நாங்கள் பத்துப் பேர். எல்லோரையும் வராந்தாவில் உயர வரிசையில் நிற்கச் சொன்னேன். விளையாட்டு வாத்தியார் ஒரு கோடியில் தென்னை மரமாக நின்றார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே இடம் மாறி மாறி நின்றார்கள். கடைசியில் மறுகோடிக்கு ஒருவர்தான் மிஞ்சினார். அது தலைமையாசிரியர் என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

"பத்துப் பேரு, பத்துப் பட்டை. நாளைக்கு எல்லாரும் அரையடி உயரச் செருப்புப் போட்டுட்டு வாரோம்னு வச்சுக்குங்க சார். எல்லாரும் உயர்ந்துடுவோம். ஆனா ஒண்ணாம் பட்டையில ஆரு நிப்பாங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நீங்க பேசறது உயரம். நான் பேசறது படிப்பு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அன்று மாலைக்குள் உத்தரவு வந்தது. பட்டைப் பட்டியலை வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும், பெற்றோருக்கும் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். ஒட்டினேன், அனுப்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பள்ளி வாசலில் ஒரு மலைவாழைத் தார் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பது கிட்டப் போனால்தான் தெரிந்தது. என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கும் மிளகும் பயிர் வைத்திருப்பவர். பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறவர். அன்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

"டீச்சருங்க, இது உங்களுக்குத்தானுங்க" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எனக்கு எதுக்குங்கண்ணா இதெல்லாம்?"

"எம்புள்ள ஒண்ணாம் பட்டைங்க! எங்க வம்சத்துல எதுலயும் ஒண்ணாவது வந்தது கெடையாதுங்க. பஸ் ஸ்டாப் டீக்கடையில அத்தன பேருத்துக்கும் டீ வாங்கிக் குடுத்துப்போட்டனுங்க. முள்ளுக்குறிச்சியில எம்மச்சானுக்குக்கூட போன் போட்டுச் சொல்லிட்டேன்."

அந்தப் பெண் நூற்றுக்கு இருபத்திமூன்று எடுத்திருந்தாள். காலாண்டுக்கு முந்தைய மாதம் முழுக்கத் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்துவிட்டு, தேர்வுக்கு மட்டும் வந்து எழுதியவள். அவளுக்குக் கீழே வகுப்பில் ஒருவன்தான் இருந்தான்.

சீட்டில் நான் எண்ணை எழுதினேனே தவிர, எது மேல், எது கீழ் என்று எழுதவில்லை. ஒன்று என்றால் முதல் என்றுதான் உலகம் நினைக்கும். அதற்கு நேர்மாறாக யோசிப்பது புள்ளியியல்காரர்கள் மட்டுமே. எப்படிச் சொல்லுவது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன். "அண்ணா, இதுல பத்துதான் மேலே. ஒண்ணு கீழே."

அவர் தாரை மெல்லத் தரையில் வைத்தார். வேட்டியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். எதற்குக் கட்டினோம் என்று நினைத்திருப்பார்.

"ஊரு பூராச் சொல்லிப்போட்டனுங்களே" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலைமையாசிரியர் மேல் கோபம், என் மேல் கோபம், பதின்மானம் கண்டுபிடித்தவன் மேலும் கோபம். அந்த அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அடுத்த பட்டியல் எப்பங்க?"

"அடுத்த மாசம் ஒரு டெஸ்ட் வச்சுப் போடுவோமுங்க."

"அதுலயும் கடைசியிலேயே நின்னாள்னா, படிப்பு ஏறலீன்னு அர்த்தமுங்க. ஏறாத புள்ளைய எதுக்கு வதைக்கோணும்? சேந்தமங்கலத்துல அவ சின்னம்மா துணிக்கடையில நிக்கறா. அங்க கொண்டுபோய் உட்டுடறனுங்க."

"பதினாலு வயசு முடியாத பிள்ளைய வேலைக்கு விடறது சட்டப்படி தப்புங்கண்ணா."

"வேலைக்குன்னு ஆரு சொன்னா? சும்மா கூடமாட நிக்கட்டும்."

தாரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். திருப்பிக் கொடுத்தால் இன்னும் அவமானம் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பழத்தை எங்களில் யாராலும் ருசித்துச் சாப்பிட முடியவில்லை. தலைமையாசிரியர் மட்டும் இரண்டு சாப்பிட்டார்.

வகுப்புக்குள் போனபோது துணிக்கடை விஷயம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பெண் பெஞ்சின் ஓரத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். நிறையப் பேசுகிறவள்தான். சத்துணவு வரிசையில் அவள் குரல் கேட்டுத்தான் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்று எனக்குத் தெரியவரும். அன்று அவளிடம் பேச்சே இல்லை. வகுப்புத் தலைவி எழுந்து நின்றாள். பத்தாம் பட்டைக்காரி. டாக்டராவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவள்.

"டீச்சர், ஒண்ணாம் பட்டையில ஆருமே இல்லாம இருக்கோணும்னு பெரிய சார் பிரேயர்ல சொன்னாங்கள்ல. அதுக்கு என்னங்க பண்ணோணும்?"

இங்கேதான் என் வியாதி வேலையைக் காட்டியது. "ரொம்ப சுலபம் கண்ணு. நாற்பது பேரும் ஒரே மார்க் எடுங்க. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பட்டையே இருக்காது. சார் சந்தோஷமா தூங்குவாரு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்ன நக்கலுக்கு அந்த வகுப்பு சிரிக்காதது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அந்த மாத டெஸ்டுக்கு இரண்டு பாடங்களின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகளையே வைப்பதாகச் சொன்னேன். மொத்தம் இருபத்தைந்து. கேள்விகள் எல்லோருக்கும் முன்பே தெரிந்தவைதான். ஆனால் வெறும் விடையை எழுதினால் போதாது, பக்கத்தில் ஒரு வரியாவது கணக்குச் செய்துகாட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். மனப்பாடம் செய்கிறவர்களை அப்படித்தான் பிடிப்பேன்.

அடுத்து வந்த வாரங்களில் சில விநோதங்கள் நடந்தன. மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பள்ளிக்குப் பின்னால் பாறை மேல் என் வகுப்பு கும்பலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஒருநாள் கபடி ஆடும் பையன் ஒருவன், ஆறாம் பட்டை, சாக்பீஸை எடுத்துப் பாறையில் வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருந்தான். உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

டெஸ்ட் நாள் வந்தது. நான் அறையை விட்டு அசையவில்லை. ஒருவர் தலைகூடத் திரும்பவில்லை. அவ்வளவு ஒழுங்கு எங்கள் பள்ளி சுதந்திர தின அணிவகுப்பில்கூட இருந்ததில்லை.

அன்று பேப்பர்களை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆசிரியர் அறையிலேயே திருத்த உட்கார்ந்தேன். முதல் பேப்பர் இருபத்தொன்று. நன்று. இரண்டாவது இருபத்தொன்று. மூன்றாவதும் இருபத்தொன்று. பத்தாவதுக்கு மேல் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. நாற்பது பேப்பரும் இருபத்தொன்று. நாற்பதிலும் அதே நான்கு கேள்விகள் வெறுமையாக இருந்தன. எல்லாம் 0.333... மாதிரி முடியாமல் ஓடும் சுழல் தசமத்தைப் பின்னமாக்கும் கேள்விகள். பத்தாம் பட்டைப் பையன் ஒருவன் மட்டும் அந்த நான்கையும் பென்சிலால் போட்டுப் பார்த்துவிட்டு ரப்பரால் அழித்திருந்தான். வெளிச்சத்தில் பிடித்தால் நான்கும் சரி. அழிக்கும்போது பாவம் பேப்பரே கிழிந்திருந்தது.

நான் புயலாக வகுப்புக்குள் போனேன். "ஆரு தலைமை இதுக்கு?"

தலைவி எழுந்தாள். பயம்தான், ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "டீச்சர், நீங்கதானுங்க சொன்னீங்க."

"நான் காப்பி அடிக்கச் சொன்னேனா?"

"காப்பி அடிக்கலீங்க. காட்டுல களை வெட்டறாப்புல பண்ணுனோமுங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். இவர்கள் ஊரில் குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்ட ஆளுக்கொரு வரிசை பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். கை வேகமானவர்கள் முன்னால் போய் வரிசையை முடித்துவிடுவார்கள். முடித்துவிட்டு நிழலில் உட்கார மாட்டார்கள். பின்னால் நிற்பவளின் வரிசைக்கு எதிர்க்கோடியிலிருந்து வெட்டிக்கொண்டே வந்து, அவளை நடுவழியில் சந்திப்பார்கள். கடைசி வரிசை முடிகிறவரை யாரும் கஞ்சிக்குப் போவதில்லை. காட்டை விட்டு ஏறினால் எல்லோரும் ஒன்றாகத்தான் ஏறுவார்கள்.

"அதேமாதிரி ஒவ்வொரு கேள்வியா எல்லாருத்துக்கும் சொல்லிக் குடுத்தோமுங்க. இந்த நாலு மட்டும் எவ்வளவு சொல்லியும் இவளுக்கு ஏறலீங்க. நாளும் பத்தல. செரி, எல்லாரும் சேந்து உட்டுடலாம்னு முடிவு பண்ணுனோம்."

"என்னைய உட்டுட்டு நீங்க எழுதுங்கன்னுதான் நான் சொன்னனுங்க டீச்சர்" என்றாள் பெஞ்சின் ஓரத்திலிருந்து அந்தப் பெண். "கேக்கலீங்க."

பென்சில் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அந்த நான்கு மார்க்கை விட்டது சொத்தை விட்டது மாதிரி.

எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அந்தப் பெண்ணைப் பலகைக்குக் கூப்பிட்டேன். புத்தகத்தில் ஐம்பதின் வர்க்கமூலம் இருந்தது. நான் எண்ணை மாற்றி எழுபத்திரண்டு என்று எழுதினேன். அவள் சாக்பீஸைக் கடித்துக்கொண்டு நின்றாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் அவள் கையையே பார்த்தார்கள். பிறகு எழுபத்திரண்டை முப்பத்தாறு பெருக்கல் இரண்டு என்று பிரித்தாள். முப்பத்தாறை வெளியே எடுத்து ஆறு என்று எழுதி, இரண்டை மட்டும் வர்க்கமூலத்துக்குள் விட்டாள். சரி. இன்னும் சில கணக்கை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்றில் தடுமாறினாள், மற்றதெல்லாம் வந்தது. நான் நடத்தும்போது ஏறாதது, கபடிக்காரன் பாறையில் போட்டுக் காட்டியதும் எப்படி ஏறியது என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. டெஸ்ட் என்ற வகையில் அது குப்பை. யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பிரித்துக் காட்டத்தான் டெஸ்ட். இது எதையுமே பிரிக்கவில்லை. "இனிமே ஆராவது தெரிஞ்ச கேள்விய விட்டீங்கன்னா தோலை உரிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பட்டியல் போட்டே ஆக வேண்டும். கம்ப்யூட்டரில் நாற்பது இருபத்தொன்றை அடித்து, பழைய சூத்திரத்தை இழுத்துவிட்டேன். நாற்பது பேருக்கும் ஒன்று வந்தது. யாருக்கும் கீழே யாரும் இல்லையே! பூஜ்யத்தை எதால் வகுத்து எதால் பெருக்கினாலும் பூஜ்யம், கூட்டல் ஒன்று.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் பின்னால் வந்து நின்றார். திரையில் மேலிருந்து கீழ்வரை ஒண்ணாம் பட்டை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, வகுப்பே கவுந்துபோச்சா? காலி பண்ணச் சொன்னா நிரப்பி வச்சிருக்கீங்க?"

விளக்கினேன். கேட்டுவிட்டு, "வேற சூத்திரம் இல்லையா?" என்றார்.

இருக்கிறது. கீழே இருப்பவர்களை மட்டும் எண்ணாமல், சமமாக இருப்பவர்களையும் சேர்த்து எண்ணி, தசமம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்கலாம். மார்க்குகள் வெவ்வேறாக இருக்கும்வரை இரண்டு சூத்திரமும் ஒரே பட்டையைத்தான் தரும். மாற்றிப் போட்டுக் காட்டினேன். நாற்பதில் நாற்பது. திரை முழுக்கப் பத்து.

தலைமையாசிரியர் முகம் பல்ப் எரிந்த மாதிரி ஆனது. "இதையே நாமக்கல்லுக்கு அனுப்பிடலாம்!"

"சார், ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் ஒண்ணும் சொல்லல. வித்தியாசமே இல்லாத இடத்துல பட்டைக்கு வேலையே இல்லைங்க. 'பிரிக்க இயலாது'ன்னு எழுதுவோம்."

"அப்படி எழுத அவங்க படிவத்துல கட்டம் இல்லையேம்மா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அந்தப் பேச்சு முடிவதற்குள் வாசலில் அந்த அப்பா வந்து நின்றார். இந்த முறை தார் இல்லை. கையில் ஒரு துணிப்பை, மகளுடைய மாற்றுத்துணி அதன் வாயில் எட்டிப் பார்த்தது. சேந்தமங்கலம் பஸ்ஸுக்குத் தயாராக வந்திருந்தார். வராந்தாத் தூணுக்குப் பின்னால் மகளின் பச்சை ரிப்பன் தெரிந்தது.

"டீச்சருங்க, பட்டியல் இன்னைக்குன்னு சொன்னாங்க." திரையைச் சந்தேகமாகப் பார்த்தார். "இந்தத் தடவ ஒண்ணு மேலயா, கீழயாங்க?"

தலைமையாசிரியர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு இரண்டு பட்டியலையும் காட்டினேன். அந்த அப்பா விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"அந்த டாக்டராவற புள்ளையும் ஒண்ணாங்க?"

"ஆமாங்க."

"இதுல எல்லாரும் பத்து?"

"ஆமாங்க."

"மார்க்கு?"

"ரெண்டுலயும் அதே மார்க்குதானுங்க. இருபத்தஞ்சுக்கு இருபத்தொண்ணு."

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப இந்தப் பட்ட எதுக்குங்க?"

நல்ல கேள்வி. தலைமையாசிரியரும் என் பதிலுக்குக் காத்திருப்பது தெரிந்தது.

"அண்ணா, பட்டைங்கறது உங்க பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்னு சொல்லாது. வகுப்புல அவளுக்கு முன்னாடி எத்தன பேரு, பின்னாடி எத்தன பேருன்னு மட்டும்தான் சொல்லும். அவ அம்பது எடுத்து, மத்தவங்க அறுபது எடுத்தாலும் ஒண்ணுதான் வரும். உங்ககிட்ட மறைக்க விரும்பலீங்க. இந்த டெஸ்ட்ட வச்சு எதுவும் முடிவு பண்ணக் கூடாது, பிள்ளைங்க பேசி வச்சுக்கிட்டு எழுதினது. அரையாண்டுல மறுபடியும் அவ ஒண்ணாம் பட்டையில வரலாம். ஆனா போன தடவை நூத்துக்கு இருபத்திமூணு எடுத்தவ, இன்னைக்கு நான் மாத்திக் குடுத்த கணக்கையும் போடறா."

அவர் துணிப்பையைக் கைமாற்றிப் பிடித்தார். "ஒண்ணாம் பட்டையில எப்பவும் ஆராவது நாலு பேரு இருந்துதானே ஆகோணும்?"

"இருந்துதான் ஆகணுமுங்க."

"இவளக் கூட்டிட்டுப் போயிட்டா அந்த எடம் காலியா கெடக்குமா?"

"இல்லீங்க. இவளுக்கு மேல இருக்கறவங்கள்ல ஒருத்தர் எறங்கி வந்துருவாங்க."

"அப்ப அந்தப் புள்ளையோட அப்பன் பையத் தூக்கிட்டு வருவான்."

"வருவாருங்க."

"அப்புறம் அதுக்கு மேல இருக்கறதோட அப்பன்." அவர் திரையை மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டே போனார். "இப்படியே ஒவ்வொருத்தனா வந்து கூட்டிட்டுப் போனா, கடைசியில அந்த டாக்டர் புள்ள மட்டும்தானுங்களே ஒக்காந்திருக்கும். அதுக்கு என்ன பட்ட வருமுங்க?"

நான் சூத்திரத்தை நினைத்துப் பார்த்தேன். ஒரே ஆள். கீழே யாரும் இல்லை.

"ஒண்ணுதானுங்க" என்றேன்.

"அப்ப அவங்கப்பனும் வருவான்" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்காமல் ஆளில்லாத வகுப்பை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா தூணைப் பார்த்து மகளுக்குக் குரல் கொடுத்தார். "சாமி, இங்க வா. இந்தத் துணியக் கொண்டுபோய் ஊட்டுல வெய்யி. போறப்ப தம்பிகளுக்குக் கடலமுட்டாய் வாங்கிட்டுப் போ. பஸ்ஸு காசு மிச்சம்."

அவள் பையை வாங்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் ரிப்பன் அவிழ்ந்து வராந்தாவில் விழுந்தது. நான் குனிந்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

கட்டம் இல்லாததால் தலைமையாசிரியர் அந்த மாதப் பட்டியலை அனுப்பவே இல்லை. சுழல் தசமத்தை நான் இன்னொரு முறை, இந்தத் தடவை பாறை மேலேயே போய் உட்கார்ந்து நடத்தினேன்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. என் மிரட்டல் பலித்தோ என்னவோ, எல்லோரும் தெரிந்ததையெல்லாம் எழுதினார்கள். பென்சில் பையன் பேனாவில் எழுதினான். மார்க்கை வரிசைப்படுத்தி, பழைய சூத்திரத்தை இழுத்துவிட்டேன். வகுப்பே மேலே ஏறியிருந்தது. காலாண்டில் நடுவில் இருந்தவர்களின் மார்க்கைவிட இப்போது அடியில் இருப்பவர்களின் மார்க் அதிகம். அந்தப் பெண் நூற்றுக்கு நாற்பத்தேழு. பட்டை, ஒன்று. சீட்டில் இந்த முறை பட்டைக்குப் பக்கத்தில் மார்க்கையும் எழுதி, 'ஒன்று கீழே, பத்து மேலே' என்று அடிக்கோடும் போட்டு அனுப்பினேன். அனுப்பிய பிறகு பயம் பிடித்துக்கொண்டது. என்னதான் சிரித்துவிட்டுப் போனாலும், வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பார்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினேன். பள்ளி வாசலில் ஒரு வாழைத்தார் நின்றுகொண்டிருந்தது. போன தடவையைவிடப் பெரியது.

சீட்டைப் படிக்கவில்லையா, மறுபடியும் தலைகீழாகப் புரிந்துகொண்டாரா? "அண்ணா, எதுக்குங்க இது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எம்புள்ள ஒண்ணாம் பட்டைங்க" என்றார்.

"அண்ணா, அது..."

"கீழதானுங்க, தெரியுமுங்க. நாப்பத்தேழுங்க!" தாரைத் தூக்கி என் கையில் கொடுத்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். "போன தடவ தெரியாமக் கொண்டாந்தேன். இந்தத் தடவ தெரிஞ்சு கொண்டாந்திருக்கறனுங்க."